ரெண்டரையா, இருபதா, அறுபத்திரண்டரையா? ஒரு வட்டி உயர்வும் அதைச் சொன்ன செய்திகளும்

2023-ல் ஒரு நாள் பெரியப்பா மகன் அண்ணன் போன் பண்ணினார். வீட்டுக்கடன் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "டேய் தம்பி, பேப்பர்ல டிவில எல்லாம் ரெண்டரை சதவீதம் ஏத்தினதாத்தானே சொன்னாங்க? இங்க பேங்க்ல இருந்து வந்த லெட்டர்ல தவணை இருபத்து மூணாயிரத்துச் சொச்சத்துல இருந்து இருபத்தெட்டாயிரம் ஆகியிருக்கு. அது இருபது சதவீதத்துக்கு மேல வருதுடா. ரெண்டரைக்கும் இருபதுக்கும் என்னடா சம்பந்தம்? ஏமாத்துறாங்களா?"

அவர் போட்ட கணக்கு சரி. பேப்பரில் வந்த எண்ணும் சரி. வங்கியும் ஏமாற்றவில்லை. இத்தனை பேரும் சரியாக இருந்தும் ஒருத்தர் ஏமாந்துபோன மாதிரி உணர்கிறார் என்றால் கோளாறு எங்கே என்று தேடும்போது, அது அந்த "சதவீதம்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் போய் நிற்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவுகளுக்கு நம் செய்திகள் அந்த ஒரே சொல்லைப் போடுகின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை உயர்த்திய கதையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் குழப்பத்தின் எல்லா வகையும் அந்தப் பத்து மாதத்துக்குள் வந்துபோயின.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2022 மே 4, புதன்கிழமை. அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டு, அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் மதியம் 2 மணிக்குத் திடீரென்று வந்து ரெப்போ வட்டி 4.00-லிருந்து 4.40 ஆகிறது என்றார். ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும்போது வாங்கும் வட்டி. அதன்பின் ஜூன் 8-ல் 4.90, ஆகஸ்ட் 5-ல் 5.40, செப்டம்பர் 30-ல் 5.90, டிசம்பர் 7-ல் 6.25, கடைசியாக 2023 பிப்ரவரி 8-ல் 6.50. ஆறு முறை உயர்ந்து, 4-ல் இருந்தது ஆறரைக்கு வந்து நின்றது.

இந்த 4-க்கும் 6.5-க்கும் நடுவில் இருப்பது 2.5. இந்த 2.5 என்பது என்ன? ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழித்து வந்த மிச்சம். அதற்குப் பெயர் சதவீதப் புள்ளி. இரண்டு மட்டங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்கிற அலகு அது, கிலோமீட்டர் மாதிரி. அதையே "பழைய வட்டியில் எத்தனை பங்கு கூடியது" என்று கேட்டால் 2.5-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், 62.5 வருகிறது. சதவீதம் என்ற சொல்லுக்கு இலக்கணப்படி உரிமை உள்ளது இந்த 62.5-க்குத்தான். ஆகவே "ரெப்போ வட்டி 2.5 சதவீதம் உயர்ந்தது" என்ற வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், 4-ல் 2.5 சதவீதம், அதாவது 0.1 கூடி 4.10 ஆகியிருக்க வேண்டும். யாரும் அப்படிப் படிப்பதில்லை என்பது உண்மைதான். வட்டி விஷயத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் பழக்கத்தால் சரியாகப் புரிந்துகொள்கிற வாக்கியம் பழக்கமில்லாத இடத்தில் காலை வாரிவிடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான்: ரெண்டரை என்று காதில் விழுந்ததை அப்படியே தன் தவணைமேல் போட்டுப் பார்த்து, 23,000-க்கு 600 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே கூடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

தமிழ்த் தலைப்புகளுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் மொழியில் "ஆக" என்ற இரண்டெழுத்துதான் இந்த இடத்தில் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. "வட்டி 6.5 சதவீதமாக உயர்வு" என்றால் போய்ச் சேர்ந்த இடம் 6.5. "வட்டி 6.5 சதவீதம் உயர்வு" என்றால் நகர்ந்த தூரம் 6.5. தலைப்பில் இடம் பத்தவில்லை என்று "%" குறியைப் போட்டவுடன் அந்த "ஆக" ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் உதிர்ந்துவிடும். "வட்டி 6.5% உயர்வு" என்று நிற்கும். இதைப் படிப்பவருக்கு வட்டி 6.5 ஆனதா, 6.5 அளவுக்குக் கூடியதா, பழைய வட்டியில் நூற்றுக்கு ஆறரைப் பங்கு கூடியதா என்று மூன்று வழி. கீழே செய்திக்குள் போனால் தெரிந்துவிடும்தான், ஆனால் தலைப்பை மட்டும் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிற மாமாக்கள் செய்திக்குள் போவதில்லையே.

அப்புறம் "புள்ளி" என்ற சொல். சதவீதப் புள்ளி என்று எழுதுவதற்குச் செய்தி எழுதுபவர்கள் தயங்குவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு புள்ளிகள் அங்கே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதே மே 4-ம் தேதி சென்செக்ஸ் 1,307 புள்ளிகள் விழுந்தது. அது குறியீட்டெண்ணின் புள்ளி, சதவீதமாகச் சொன்னால் சுமார் 2.3. அதே செய்தியில் ரெப்போ 40 அடிப்படைப் புள்ளிகள் உயர்ந்தது என்றும் இருக்கும். அடிப்படைப் புள்ளி என்பது சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு, ஆக 40 அடிப்படைப் புள்ளி என்றால் 0.40 சதவீதப் புள்ளி. ஒரே பத்தியில் 1,307 புள்ளியும் 40 புள்ளியும் வந்தால் படிப்பவர் எதை எதோடு வைத்துப் பார்ப்பார்? "சரி, சதவீதம்னே எழுதிடலாம், எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்" என்று மேஜையில் முடிவாகிவிடும். அந்த முடிவை நான் புரிந்துகொள்கிறேன், ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை, ஏனென்றால் "4.00-லிருந்து 4.40" என்று எழுதினால் எந்தப் புள்ளியும் தேவைப்படாது, இடமும் அவ்வளவாகக் கூடாது.

அந்த மே 4-ல் இன்னொரு அழகான விஷயம் இருக்கிறது. கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே 22-ல், ரிசர்வ் வங்கி ரெப்போவை 4.40-லிருந்து 4.00-க்கு இறக்கியது. இரண்டு வருஷம் கழித்து 4.00-லிருந்து திரும்ப 4.40-க்கு ஏற்றியது. முன்னர் எடுத்த நடவடிக்கையைத் திருப்பி எடுப்பதாக இதைப் பார்க்கலாம் என்று ஆளுநரே அன்றைய அறிக்கையில் குறிப்பிட்டார். ஏணியில் ஒரு படி இறங்கி, அதே படியை ஏறிய கதை. சதவீதப் புள்ளியில் சொன்னால் 0.40 இறங்கி 0.40 ஏறியது, கணக்கு நேராகிவிட்டது. ஆனால் சுத்தமான சதவீதத்தில் சொன்னால் இறங்கியபோது 9.1 சதவீதம், ஏறியபோது 10 சதவீதம். இறங்கும்போது வகுத்தது 4.40-ஆல், ஏறும்போது வகுத்தது 4-ஆல், அதனால்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைத்ததைவிடக் கூடுதலாக ஏற்றிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதினால், எண்கள் இரண்டும் உண்மை, வாக்கியம் பொய்.

இதே வேலையை அடுத்தடுத்த உயர்வுகளிலும் காட்டலாம். ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று முறையும் ஏற்றியது அதே 0.50தான். அதையே சதவீதமாக மாற்றினால் 11.4, 10.2, 9.3 என்று வருகிறது. ரிசர்வ் வங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிற மாதிரி ஒரு தோற்றம், உண்மையில் மூன்றும் ஒரே அளவு. அதோடு விடாமல் ஆறு உயர்வின் சதவீதங்களையும் ஒருவர் கூட்டிவிட்டால் கிட்டத்தட்ட 51 வரும், முதலுக்கும் முடிவுக்கும் நேராகக் கணக்குப் போட்டால் 62.5. சதவீதங்களைக் கூட்டக் கூடாது, ஒவ்வொன்றும் வேறு வேறு அடியின்மேல் நிற்கிறது. புள்ளிகளைக் கூட்டலாம்: 0.40, மூன்று 0.50, 0.35, 0.25, மொத்தம் 2.50. வட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் புள்ளியில் பேசுவதற்கு இதுதான் பிரதான காரணம், பகட்டுக்காக இல்லை.

சரி, அண்ணன் கடனுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் வாங்கியது, 30 லட்சம், 20 வருஷம், மாறும் வட்டி. அப்போதைய வட்டி 7 சதவீதம். இந்த 7 எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் மாறும் வட்டியில் புதிதாகத் தருகிற வீட்டுக்கடனை ஒரு வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு கட்டின. ரெப்போவோடு வங்கி தன் செலவுக்கும் லாபத்துக்கும் ஆபத்துக்குமாக ஒரு தொகையைக் கூட்டிக்கொள்ளும். அண்ணனுக்கு ரெப்போ 4, கூட்டல் 3, ஆக 7.

கூட்டல் என்பதைக் கவனியுங்கள், பெருக்கல் கிடையாது. ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனால் அந்த 3 அப்படியே நிற்கிறது, கடன் வட்டி 9.5 ஆகிறது. புள்ளியில் சொன்னால் அங்கே 2.5 ஏறியது, இங்கேயும் அதே 2.5. ஆனால் சதவீதத்தில் சொன்னால் ரெப்போ 62.5 சதவீதம் கூடியது, அண்ணனின் வட்டி விகிதம் 35.7 சதவீதம்தான் கூடியது. அதே வங்கியில் 12 சதவீதத்தில் வேறு கடன் வைத்திருப்பவர் ஒருவருக்கும் இந்த 2.5 அப்படியே ஏறினால் அவருக்கு 20.8 சதவீதம். இது தெரியாத ஒருவர் "ரெப்போ 62.5 சதவீதம் உயர்வு" என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தன் 7-ஐயும் அதே விகிதத்தில் ஏற்றிப் பார்த்தால் 11.4 சதவீத வட்டி வரும், மாதத் தவணை 31,000-ஐத் தாண்டிவிடும், அன்றிரவு தூக்கம் போய்விடும். பெரிய எண்ணைச் சொன்னால் நேர்மை, சின்ன எண்ணைச் சொன்னால் மூடிமறைப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் பெரிய எண்தான் ஆளைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப் போகிறது.

அப்படியானால் அந்த இருபது எங்கிருந்து வந்தது? மாதத் தவணையில் வட்டி மட்டும் இல்லை, அசலும் இருக்கிறது. 7 சதவீதத்தில் முதல் மாதத் தவணை 23,259 ரூபாய். அதில் வட்டி 17,500, மிச்சம் 5,759 அசலுக்குப் போகிறது. வட்டி 9.5 ஆனால் அதே 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 23,750. இந்த வட்டிப் பகுதி மட்டும் 35.7 சதவீதம் கூடியிருக்கிறது. மொத்தத் தவணை 27,964 ஆகிறது, அதாவது 4,705 ரூபாய் கூடுதல், சதவீதத்தில் 20.2. அண்ணன் விஷயத்தில் சில தவணைகள் கட்டிய பிறகு மிச்சக் காலத்துக்குக் கணக்குப் போட்டதால் அது 28,000-ஐ ஒட்டி வந்தது. கையில் கணினி இருந்தால் யாரும் இதை எக்செல்லில் தட்டிச் சரிபார்க்கலாம்:

```
=PMT(7%/12, 240, -3000000)
=PMT(9.5%/12, 240, -3000000)
```

ஆக ஒரே நிகழ்ச்சிக்கு நான்கு எண்கள் கிடைத்துவிட்டன. 2.5, 62.5, 35.7, 20.2. நான்கில் ஒன்றுகூடப் பொய் இல்லை. முதலாவது மட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம், இரண்டாவது ரெப்போவின் வளர்ச்சி, மூன்றாவது கடன்காரரின் வட்டி வளர்ச்சி, நான்காவது அவர் பாக்கெட்டிலிருந்து மாதாமாதம் போகிற பணத்தின் வளர்ச்சி. எதற்குச் சதவீதம் என்று சொல்லாமல் வெறும் சதவீதம் என்று எழுதினால் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தனக்கு வேண்டிய கதைக்குப் பொருத்திக்கொள்ளலாம். வங்கிப் பங்கு விற்பவர் முதலாவதை எடுப்பார், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாவதை எடுப்பார்.

இதுவரை சொன்னதை வைத்து "புள்ளியில் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனின் கடன் அங்கேதான் என்னையே கொஞ்சம் உட்காரவைத்தது. வட்டி ஏறியபோது வங்கி உடனே தவணையைக் கூட்டவில்லை. நிறைய வங்கிகள் அன்று செய்தது போலவே, தவணையை அப்படியே விட்டுவிட்டுக் கடன் முடிகிற காலத்தைத் தள்ளிப்போட்டது. ஒரு எஸ்எம்எஸ் வந்ததாம், "உங்கள் வட்டி விகிதம் 0.50% உயர்த்தப்பட்டுள்ளது" என்று. காலம் எவ்வளவு நீண்டது என்று அதில் இல்லை. தவணை மாறாததால் அவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் காலத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அசல் 30 லட்சமாகவே இருக்கிறது, தவணை 23,259-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளலாம். 7 சதவீதத்தில் 240 மாதம். 7.4 ஆனதும் 258 மாதம். 7.9-ல் 288. 8.4-ல் 334. 8.9-ல் 425, அதாவது 35 வருஷத்துக்கு மேல். 9.25-ல் சுமார் 672 மாதம், 56 வருஷம். 9.5-க்குப் போட்டால்:

```
=NPER(9.5%/12, -23259, 3000000)
```

விடை வரவில்லை, `#NUM!` என்று வந்தது. நான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பில்லை. 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 23,750. கட்டுகிற தவணை 23,259. வட்டிக்கே 491 ரூபாய் துண்டு விழுகிறது, அது போய் அசலில் சேர்கிறது. கட்டக் கட்டக் கடன் வளரும், எந்தக் காலத்திலும் முடியாது. இடையில் சில மாதங்களில் முப்பது நாற்பது ஆயிரம் அசல் கழிந்திருந்தாலும் இந்த நிலை மாறாது, ஏனென்றால் 23,259 ரூபாய் வட்டிக்காவது போதுமானதாக இருக்க வேண்டும் என்றால் அசல் சுமார் 29.38 லட்சத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, 7.4-லிருந்து 7.9-க்குப் போன அரைப் புள்ளி 30 மாதத்தை நீட்டியது, அடுத்த அரைப் புள்ளி 46 மாதத்தை, அதற்கடுத்தது 91 மாதத்தை. மூன்றும் அதே 0.50. மூன்று தடவையும் செய்தி ஒன்றே போல "0.50 உயர்வு" என்றது, எஸ்எம்எஸ்ஸும் அதையே சொன்னது. புள்ளிக் கணக்கு சுத்தம், சொன்ன விஷயம் சரி, ஆனாலும் கடன்காரருக்குத் தேவைப்பட்ட எண் அதில் இல்லவே இல்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எத்தனை சதவீதம்" என்பது இல்லை, "எத்தனை மாதம்" என்பது.

கடைசியில் வங்கியே ஒரு கட்டத்துக்குமேல் காலத்தை நீட்ட முடியாமல், கடன்காரரின் வயதுக்கு ஒரு வரம்பு இருக்கிறதே, மொத்தமாகத் தவணையை ஏற்றிக் கடிதம் அனுப்பியது. அதைப் பார்த்துத்தான் அந்தப் போன். இது அண்ணன் ஒருத்தர் கதை இல்லை என்பதற்கு 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையே சாட்சி. வட்டி மாறும்போது தவணையில் அல்லது காலத்தில் அல்லது இரண்டிலும் என்ன ஆகும் என்று கடன்காரருக்குச் சொல்ல வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், காலத்தை நீட்டி வட்டிக்கே தவணை பற்றாத நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதில் சொன்னது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, அங்கே சதவீதம்தான் பொருத்தமான அளவு, புள்ளி உண்மையைச் சின்னதாக்கிவிடும். ஓய்வு பெற்ற ஒருவர் 10 லட்சத்தை டெபாசிட்டில் போட்டு அதன் வட்டியில் செலவை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 5.5-லிருந்து 7 ஆகிறது. செய்தி "டெபாசிட் வட்டி ஒன்றரை சதவீதம் உயர்வு" என்கிறது. அவருக்கு வருஷத்துக்கு 55,000 வந்த இடத்தில் 70,000 வருகிறது, வருமானம் 27 சதவீதம் கூடியிருக்கிறது. ஒன்றரை என்று கேட்டால் டீக்காசு மாதிரி இருக்கிறது, உண்மையில் மாதம் 1,250 ரூபாய் கூடுதல். அவர் விஷயத்தில் வட்டி விகிதம்தான் முழு வருமானம், அதோடு கூட்டிக்கொள்ள அசல் பகுதி என்று ஒன்று இல்லை. வட்டி இறங்கும்போதும் இதே மாதிரி அடி விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 7-லிருந்து 5.5-க்கு வந்தால் வருமானத்தில் 21 சதவீதம் போய்விடும்.

ரிசர்வ் வங்கி எதற்காக இப்படி ஏற்றியது என்றால் பணவீக்கத்துக்காக. அங்கேயும் இதே வியாதி, இன்னும் ஒரு மாடி உயரத்தில். 2022 ஏப்ரலில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 7.79 சதவீதம், மே மாதம் 7.04. "பணவீக்கம் 0.75 சதவீதம் குறைந்தது" என்று கேட்டவுடன் எங்கள் தெருக் கடைக்காரரிடம் ஒருவர் "விலைதான் குறைஞ்சிடுச்சாமே, எண்ணெய்க்கு என்ன இன்னும் அதே விலை?" என்று சண்டைக்கே போய்விட்டார். பணவீக்கம் என்பதே ஒரு வருஷத்தில் விலை எவ்வளவு ஏறியது என்ற சதவீதம். அது 7.79-லிருந்து 7.04 ஆனால் விலைகள் போன வருஷத்தைவிட இன்னும் 7 சதவீதம் மேலேதான் இருக்கின்றன, ஏறுகிற வேகம்தான் முக்கால் புள்ளி இறங்கியிருக்கிறது. வண்டி 78-லிருந்து 70-க்கு வந்தால் பின்னால் போகிறது என்று அர்த்தமில்லையே.

அப்புறம் 2025. பிப்ரவரி 7-ல் 6.50-லிருந்து 6.25, ஏப்ரல் 9-ல் 6.00, ஜூன் 6-ல் 5.50, டிசம்பர் 5-ல் 5.25. ஏற்றிய 2.50-ல் சரியாகப் பாதி, 1.25, திரும்பி வந்துவிட்டது. இதையே சுத்தமான சதவீதத்தில் சொன்னால்: ஏற்றியது 62.5 சதவீதம், இறக்கியது 19.2 சதவீதம். மூன்றில் ஒரு பங்குகூடத் திருப்பித் தரவில்லை என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது. எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பணத்தை வைத்தே பார்த்துவிடலாம். அதே 30 லட்சம், 20 வருஷம் என்ற கணக்கில் 9.5-ல் 27,964 ஆக இருந்த தவணை 8.25-ல் 25,562 ஆகிறது. ஏறியது 4,705, இறங்கியது 2,402. பாதிக்குக் கொஞ்சம் மேலே. வட்டியின் ஏற்ற இறக்கத்தைத் தவணையோடு வைத்துப் பார்க்கும்போது புள்ளி கிட்டத்தட்ட ரூபாயோடு ஒட்டியே நடக்கிறது, சதவீதம் நடப்பதில்லை.

இப்போதெல்லாம் வட்டி, வரி, வேலையின்மை, வாக்குவீதம் என்று எந்த விகிதம் நகர்ந்த செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டு மட்டங்களை. எதிலிருந்து, எதற்கு. இரண்டும் இருந்தால் தலைப்பு எப்படிக் குழப்பியிருந்தாலும் கழித்துப் பார்த்துத் தூரத்தை எடுத்துக்கொள்ளலாம், வகுத்துப் பார்த்து வளர்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். நகர்ந்த அளவு மட்டும் இருந்து மட்டங்கள் இல்லையென்றால், அதை எழுதியவருக்கே எந்தச் சதவீதம் என்று தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு, குறிப்பாக ஒரு அறிக்கையைப் பார்த்து எழுதிய செய்தியைப் பார்த்து எழுதிய செய்தியாக இருந்தால். இன்னொரு சின்ன அடையாளமும் இருக்கிறது: சின்ன மட்டத்தில் இருக்கும் விகிதத்துக்குப் பெரிய சதவீதம் சொல்லப்பட்டால், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனதை "100 சதவீதம் உயர்வு" என்பது போல, அங்கே யாரோ வகுத்திருக்கிறார்கள். பெரிய மட்டத்தில் இருக்கும் விகிதத்துக்கு அந்தப் பெரிய எண் கிடைக்காது.

டிசம்பர் குறைப்புக்கு மறுநாள் அண்ணன் திரும்பவும் கூப்பிட்டார். "கால் சதவீதம் குறைச்சிருக்காங்களாமே. எனக்கு எவ்ளோடா குறையும், ரூபாய்ல சொல்லு." அவருக்கு மிச்சம் இருக்கிற அசலுக்குச் சுமார் 450 ரூபாய் வரும் என்றேன். ஆனால் அடுத்த தவணையிலேயே எதிர்பார்க்காதீர்கள், உங்கள் கடனுக்கு வட்டியை மாற்றியமைக்கிற தேதி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அது எந்தத் தேதி என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், அதோடு குறைகிற 450-ஐத் தவணையில் வேண்டுமா காலத்தில் வேண்டுமா என்று நீங்களே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "ஒப்பந்தம் எந்தப் பீரோவுல இருக்குன்னு உங்க அண்ணிகிட்டதான் கேக்கணும்" என்று போனை வைத்துவிட்டார்.